இன்னும் போடவில்லை

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். எழுத்தில் வருவதெல்லாம் உண்மை என்று எனக்கு ஒரு பயம்.

தொண்ணூறுகளின் கடைசியில், அமெரிக்காவிலிருந்து லீவுக்கு மயிலாப்பூர் வந்த மகன், என் கணவரின் சர்க்கரை மாத்திரைக்காகக் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்துவிட்டுப் போனான். காலை எட்டு மணிக்கு அது கூவும். மாத்திரை போட்டதும் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். எட்டரைக்குள் அழுத்தாவிட்டால், 'அப்பா இன்னும் மாத்திரை போடவில்லை. உடனே கொடும்மா' என்று ஆங்கில எழுத்தில் தமிழ் வரும். எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன்.

ஒரு நாள் அந்த வரி வந்தது.

"சமையக்கட்டுலயே போட்டுட்டேன்டி," என்றார் கணவர்.

"பொய் சொல்லாதீங்க. புள்ள சொல்றான் பாருங்க."

"அவன் அங்கேர்ந்து என் வாயைப் பாத்தானா?" என்று முனகிக்கொண்டே நான் நீட்டிய மாத்திரையை விழுங்கினார்.

பதினொரு மணிக்கு அவருக்கு வேர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது. இரண்டு மாத்திரை சேர்ந்து சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

போனில் மகன் அழுதான். "பட்டன் அழுத்தலைங்கறது மட்டும்தாம்மா அதுக்குத் தெரியும். நான்தான் தப்பா எழுதிட்டேன்."

அவன் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, நானே வரியை மாற்றினேன்: 'பட்டன் அழுத்தவில்லை. போட்டாரா என்று கேள். சந்தேகமென்றால் கொடுக்காதே.'

சில மாதம் கழித்து அந்த வரி வந்தது. கேட்டேன்.

"போட்டேனா? தெரியலடி. நீ பாக்கலியா?"

அன்று கொடுக்கவில்லை. மறுநாளும் அந்த வரி வந்தது, அவரும் அதையேதான் சொன்னார்; மறதி என்று அப்போதுதான் புரிந்தது.