சுற்றிப் பார்க்க வந்த மகள்

ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில், வெளிநாட்டுக்குக் காசு அனுப்பும் கடையில் ஏழு வருடம் கவுண்டரில் இருந்தேன். அங்கே வந்த ஒரு பெண்ணை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது. அவள்மேல் அல்ல, என்மேல்.

மூன்று தலைமுறைக்கு முன் கப்பலேறிப் போய் வேறொரு நாட்டில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் அவளுடையது. நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன், தாய் இன்னும் அங்கேதான். தாயின் சிறுநீரக மருந்துக்கு மாதம் முந்நூறு டொலர், வங்கிக்கு வெளியே காசைக் கைமாற்றிச் சேர்ப்பிக்கும் உண்டியல்காரர் மூலம் அனுப்புவாள். ரசீது கிடையாது, ஆனால் டொலருக்குச் சந்தை விலை கிடைக்கும்.

"உண்டியலை விடுங்கோ தங்கச்சி. வெளிநாட்டுக் காசுக்கெண்டு உங்கட அரசாங்கம் புது ரேட் போட்டிருக்கு, முந்தினதைவிடக் கூட" என்றேன், பெரிய கெட்டிக்காரன் மாதிரி.

முந்தின அரசாங்க விலையைவிடத்தான் கூட. சந்தை விலையைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. நான் அதைப் பார்க்கவில்லை. என் பேச்சை நம்பி அனுப்பிய அந்த மாதம் தாய்க்கு இருபது நாள் மருந்துதான் கிடைத்தது. அவள் உண்டியலுக்குத் திரும்பப் போனபோது, தாயின் ஊரில் காசு கொடுக்கிறவனைப் பொலிஸ் பிடித்துவிட்டது.

அந்த நாட்டில் டொலருக்குத் தட்டுப்பாடு. எல்லாவற்றுக்கும் சந்தை விலையென்றால் சாமான் விலை ஏறிச் சனம் தெருவுக்கு வந்துவிடும் என்று அரசாங்கத்துக்குப் பயம். ஆகவே மருந்தும் எரிபொருளும் இறக்குமதி செய்பவர்களுக்கு மலிவு டொலர். அந்த டொலரை எங்கிருந்தாவது கறக்க வேண்டுமே, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பும் காசு இருக்கிறது. உண்டியலுக்குப் போகாதிருக்க அதற்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பார்கள். சுற்றுலாப் பயணி தெருவில் மாற்றிவிடுவான் என்று அவனுக்கு மட்டும் சந்தையை ஒட்டிய விலை. காகிதத்தில் எல்லாம் நியாயம்தான். ஆனால் மலிவு டொலரில் இறங்கிய மருந்தைச் சந்தை விலைக்கே விற்றார்கள். த்தூ!

அவள் சேமிப்பை எடுத்துக்கொண்டு சுற்றுலா விசாவில் பறந்தாள். திரும்பி வந்து கவுண்டரில் நின்று சொன்னாள்.

"ஒரே பேங்க், பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஜன்னல் அண்ணே, ஒண்ணு வெளிநாட்டுலேருந்து வர்ற காசுக்கு, ஒண்ணு டூரிஸ்டுக்கு. டூரிஸ்ட் ஜன்னல்ல, எங்கெல்லாம் சுத்திப் பாக்கப் போறீங்கன்னு எழுதச் சொன்னான். இருக்கிற கோயில் பேரெல்லாம் எழுதினேன். பத்து நாளும் அம்மா படுத்திருந்த ஆஸ்பத்திரி வார்ட விட்டு வெளிய போகல."

"மருந்து?"

"பத்து மாசத்துக்கு வாங்கி வெச்சிட்டேன். அம்மாதான் கேட்டாங்க, 'நீ அனுப்புறப்போ பத்தாத காசு, கையில கொண்டாந்தா மட்டும் எப்படிப் பத்துது'ன்னு. 'அனுப்புறப்போ நான் உன் மகம்மா, இப்ப டூரிஸ்ட்'னு சொன்னேன். சிரிச்சாங்க. அப்புறம் சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க."

அந்த இருபது நாள் மருந்துக் காசை அனுப்ப, இதே கவுண்டரில் அவளிடம் நான் கமிஷனும் வாங்கியிருந்தேன்.