அணைத்து வைத்த அடுப்பு

அண்ணனின் டீக்கடை கோரிப்பாளையத்துச் சந்து ஒன்றில், ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியின் வாசலுக்கு எதிரே இருக்கிறது. விடியற்காலையில் அடுப்பேறும் பால் சட்டி கடை சாத்தும்வரை இறங்காது. சிறு தீயில் ஓரமெல்லாம் குமிழ் விட்டபடி கிடக்கும். குறையக் குறையப் புதுப் பாக்கெட்டை வெட்டி அதிலேயே ஊற்றிப் பொங்கவிடுவார். மத்தியானத்துக்குள் பால் சுண்டி, இளமஞ்சளாகி, பால்கோவா வாசம் வந்துவிடும். அந்த ருசிக்காகவே பழங்காநத்தத்திலிருந்து வரும் ஆட்டோக்காரர் ஒருவர் உண்டு.

நான் உணவு அறிவியல் படித்து முடித்திருந்தேன். வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, பதில் வராத நாட்களைக் கடையில் கழித்தேன். அந்தச் சட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும்.

"திரும்பத் திரும்பக் கொதிக்கவிட்டா பி விட்டமின்ல பாதி போயிரும்ணே. புரதத்தோட தரமும் குறையும்."

"ஏண்டா, விட்டமின் குடிக்கவா இங்க வாரானுக? டீ சூடா இல்லைன்னா கிளாஸை அப்படியே வச்சிட்டுப் போயிருவானுக."

தீயை அணைக்காததற்கு அண்ணன் சொன்ன காரணம் அது ஒன்றுதான். வேறு காரணமும் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கோடையில் அண்ணியின் ஊரில், அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம், ஒரு சாவு. கடையை என்னிடம் விட்டுவிட்டு இருவரும் போனார்கள். அன்றைக்கே நான் சீர்திருத்தத்தைத் தொடங்கிவிட்டேன். பாலை ஒரே ஒரு தரம் காய்ச்சி, பதினோரு மணிக்கு அடுப்பை அணைத்துத் தட்டுப் போட்டு மூடினேன். கேட்பவர்களுக்கு மட்டும் அதிலிருந்து மொண்டு, சின்னக் கிண்ணத்தில் சூடுபண்ணிக் கொடுத்தேன். ஒரு மணிக்கு இரண்டு புதுப் பாக்கெட்டை வெட்டி அந்த வெதுவெதுப்பிலேயே கொட்டினேன். மேலே படர்ந்திருந்த ஆடையை வீணாக்குவானேன் என்று விரலால் வழித்து உள்ளேயே விட்டேன். முந்தின வாரம் பிளேடு கீறி, ஓரத்தில் சீழ் கட்டியிருந்த விரல் அது.

தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சட்டி ஐந்து மணி நேரம் இருந்தது. கொதிக்கவும் இல்லை, ஆறவும் இல்லை.

நாலு மணிக்குக் கூட்டம் வந்ததும் சட்டியைப் பெருந்தீயில் ஏற்றினேன். கிண்டாமல் விட்டதில் அடி பிடித்தது. அப்போதாவது மேல்பாலை மெதுவாக வேறு பாத்திரத்தில் சாய்த்திருந்தால் தப்பித்திருக்கும். நான் கரண்டியால் அடியைச் சுரண்டினேன். பழுப்புத் துணுக்குகள் மேலே மிதந்துவந்தன. தீய்ந்த வாடை பால் முழுக்க ஏறிவிட்டது.

"என்ன மாப்ள, பால்ல பீடி வாடை அடிக்குது?" என்றார் பழங்காநத்தத்து ஆட்டோக்காரர். "படிச்ச புள்ள கையால குடிச்சா இப்படித்தானா?" அடுத்த வாய் குடிக்காமல் கிளாஸை வைத்துவிட்டார்.

பாலை வடிகட்டி, ஏலக்காயைத் தட்டிப் போட்டு வாடையை மறைத்தேன்.

ஐந்து மணிக்கு, எதிர் ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் பிளாஸ்க்கோடு வருகிறவர் வந்தார். மேலூர்ப் பக்கத்து விவசாயி. ஐந்து வயது மகன் காய்ச்சலில் கிடந்து தேறியிருந்தான். மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"நல்லாக் காஞ்ச பாலுதானே தம்பி?"

"இப்பத்தாண்ணே, பொங்கப் பொங்க இறக்குனது."

நான் சொன்னது பொய் இல்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது. ருசி எப்படியிருக்கிறது என்று பார்க்க, அதே பாலில் நானும் ஒரு கிளாஸ் குடித்தேன்.

ஏழு மணிக்குக் கடைக்குப் பின்னால் சாக்கடையோரம் குனிந்து வாந்தியெடுத்தேன். வெயிலாயிருக்கும் என்று வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தால், வெறும் பிளாஸ்க்கோடு அவர் நின்றுகொண்டிருந்தார். முகம் கறுத்திருந்தது.

"பய விடாம கக்குறான் தம்பி. மறுபடி குளுக்கோஸ் ஏத்திட்டாங்க. எல்லாம் அவன் ஆத்தா பண்ணுன வேலை. கழுவாம திராட்சையைக் குடுத்திருக்கா. எங்கம்மா அவளை அம்புட்டுப் பேருக்கு முன்னால கிழிகிழின்னு கிழிச்சிருச்சு. நானும் ஏசிட்டுத்தான் வாரேன். கொஞ்சம் பாலு ஊத்து. கொதிச்ச பாலுல ஒண்ணும் இருக்காது."

கரண்டியை எடுத்த கை அப்படியே நின்றது.

நான் திராட்சை தின்னவில்லை.

சட்டென்று அந்தப் பாடம் ஞாபகம் வந்தது. பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிய பதில். சீழ்ப்புண்ணிலிருந்து பாலில் விழும் கிருமிகள் வெதுவெதுப்பில் மணிக்கணக்கில் பெருகி நஞ்சைச் சுரக்கும். மறுபடி கொதிக்கவைத்தால் கிருமிகள் சாகும். அவை சுரந்துவிட்ட நஞ்சு சாகாது. அண்ணனின் சட்டி நாள் முழுக்கக் கொதித்ததில் கொஞ்சம் விட்டமின் போயிருக்கும். சுண்ணாம்புச் சத்து எங்கும் போய்விடவில்லை, புரதமும் பெரும்பாலும் அங்கேயேதான் இருந்தது. நான் காப்பாற்றப் போனது அந்தக் கொஞ்சத்தைத்தான்.

பாலைப் பற்றிச் சொல்லாமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. கொதித்த பாலை யாரும் சந்தேகப்படுவதில்லை. திராட்சை கொடுத்தவள்தான் சாகும்வரை ஏச்சுக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"அண்ணே, திராட்சை இல்லண்ணே. பாலு. என் பாலுதான்."

சட்டியை அவர் கண்முன்னாலேயே சாக்கடையில் கவிழ்த்தேன். நடந்ததைச் சொன்னேன். சீழ் கட்டிய விரலையும் காட்டினேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "மேல வா. அங்க வந்து சொல்லு."

ஆஸ்பத்திரி மாடியில், வார்டு வாசலில் பையனின் அம்மா, அந்த அக்கா, தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் வாந்தி படிந்த துண்டு. மாமியார் எதிர்ச் சுவரோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். நான் மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மா, எத்தனை மணிக்குக் குடித்தது, எனக்கு எப்போது வாந்தி வந்தது என்று விசாரித்தார். "சோதிக்காம அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நேரம் ஒத்துப்போகுது" என்றவர், மருந்துச் சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டே உள்ளே போனார்.

நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுற? அதுதான் என் மாமியா. அதுக்கு நேரா நின்னு, அந்தத் திராட்சையைப் பத்திச் சொல்லு."

போய்ச் சொன்னேன். அந்த அம்மா மருமகள் மடியிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

இரவே அண்ணனுக்கு போன் செய்தேன். விடிவதற்குள் பஸ் பிடித்து வந்துவிட்டார். திட்டவில்லை, திட்டியிருக்கலாம். அன்று கடை திறக்கவில்லை. பாத்திரம், கரண்டி எல்லாவற்றையும் தேய்த்துக் கொதிநீரில் போட்டார். "புண்ணு ஆறுற வரைக்கும் பால் பக்கம் வராத" என்றார். விரல் ஆறிய பிறகு இரண்டு பேருமாக முறையை மாற்றினோம். சின்னச் சட்டி, அது தீர்ந்ததும் கழுவிவிட்டுப் புதுப் பால். சட்டி இருக்கும்வரை தீ இருக்கும். மிச்சப் பாக்கெட்டுகள் பிரிட்ஜில். பால் இப்போது அவ்வளவு சுண்டுவதில்லை. பழைய ருசி இல்லை என்று ஆட்டோக்காரர் குறைப்பட்டுக்கொள்கிறார்.

பையன் மேலும் இரண்டு நாள் படுத்திருந்தான். அந்த இரண்டு நாளும் ஐந்து மணிக்கு அவன் அப்பா பிளாஸ்க்கோடு எங்கள் கடையைத் தாண்டி, முக்கில் இருந்த வேறு கடைக்குப் போனார். என் பக்கம் திரும்பவில்லை. எட்டி நின்று அந்தக் கடையின் அடுப்பை மட்டும் பார்த்தேன். சட்டியில் பால் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அவர் பிளாஸ்க்கை மூடி, ஆஸ்பத்திரி மாடிப்படி ஏறும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தேன்.