ஆறு மாத அவகாசம்

சிவகாசிக்கு வெளியே கண்மாய்க்குக் கீழ்ப்புறம் மனை மலிவாகக் கிடைத்தது. மலிவுக்கான காரணத்தை நாங்கள் யோசிக்கவில்லை. நான் மிஷன் பள்ளியில் ஆசிரியை; என் கணவர் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் தினக்கூலி. கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தில் என் பெயரில் கடன் வாங்கி, மூன்று அறை வைத்துக் கட்டினோம். எனக்கு ஜாமீன் எங்கள் தலைமை ஆசிரியை.

குடிபோன மூன்றாம் வருடம், தீபாவளி கழிந்த மறுவாரம் கண்மாய்க் கரை உடைந்தது. விடிந்து எழுந்தபோது அடுப்படியில் முழங்கால் ஆழம் தண்ணீர். பிள்ளைகளைப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். உச்சிப்பொழுதில் பின்சுவர் எங்கள் கண்ணெதிரே சரிந்து, அடுப்படிக் கூரையையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. மண் சாந்தில் கட்டிய சுவர். யாருக்கும் அடியில்லை.

மழை நிற்கவில்லை. வெயில் இல்லாமல் பட்டாசு மருந்து காயாது, மருந்து காயாமல் வேலை இல்லை. கணவர் வீட்டில் இருந்தார். என் ஒரு சம்பளத்தில் சாப்பாடும் சுவரும் தவணையும் முடியாது என்று தெரிந்ததும், சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். வீடு முழுவதும் இடிந்து தரைமட்டமாகிவிட்டது, ஓராண்டுக்குத் தவணையை நிறுத்திவைக்க வேண்டும் என்று.

கணவர் படித்துவிட்டு, “முன்னறை நிக்குதே?” என்றார்.

“அப்படி எழுதினாத்தான் மனசு இரங்குவாக.”

அவர் கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார்.

சங்கத்துச் செயலாளர் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “கிராம முன்சீப்கிட்ட சேதத்துக்குச் சான்று வாங்கிட்டு வாங்க டீச்சர். எங்க சூப்பர்வைசர் நேர்ல வந்து பாப்பாரு. ஜாமீன்தாரர் சம்மதமும் எழுத்துல வேணும். உங்க கெடு நீண்டா அவுக பொறுப்பும் நீளுதுல்ல? அம்புட்டும் சேந்தாத்தான் போர்டு கூட்டத்துல வைக்க முடியும்” என்றார்.

முன்சீப் சான்று இரண்டு நாளில் கிடைத்தது. ஜாமீன்தாரர் சம்மதம்தான் சங்கடம். தலைமை ஆசிரியையும் நானும் ஒரு வருடமாகப் பள்ளி வேலை தவிர வேறெதுவும் பேசுவதில்லை. என் மகனுக்கு அம்மை போட்டிருந்தபோது எடுத்த விடுப்பை அவர் சம்பளமில்லா விடுப்பாகப் பதிந்திருந்தார். அதை நான் மன்னிக்கவில்லை.

கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “சனிக்கிழமை வீட்டுக்கு வாரேன்” என்றார்.

வந்தார். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து, விழுந்த சுவரையும் நிற்கும் சுவர்களையும் பார்த்தார். முன்னறையில் என் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தார்.

“நான் உக்காந்திருக்கிற ரூமு இடிஞ்சு போச்சுன்னு எழுதியிருக்கீக.”

எனக்கு முகம் சுட்டது. “கையெழுத்துப் போட மாட்டீகன்னா சொல்லிருங்க.”

“போட மாட்டேன்னு சொல்லலையே. இதுல போட மாட்டேன். சூப்பர்வைசர் வந்து பாத்தா, அதுக்கப்புறம் நீங்க சொல்ற நெசத்தையும் நம்ப மாட்டாரு. வேற எழுதுங்க. முடிக்கிற வரைக்கும் நான் இருக்கேன்.”

கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன். பின்சுவரும் அடுப்படிக் கூரையும் விழுந்துவிட்டன. முன் இரண்டு அறைகள் ஈரம் ஏறி நிற்கின்றன. கணவருக்கு மழை விடும்வரை வேலை இல்லை. எட்டு மாதங்களுக்கு அசல் தவணையை நிறுத்திவைக்கக் கோருகிறேன். வட்டியை மாதாமாதம் கட்டிவிடுவேன். ஒன்பதாம் மாதம் முதல் பழையபடி தவணை கட்டுவேன். எழுதி முடித்தபோது அது ஒரு பக்கம்கூட வரவில்லை. அவர் அதற்குக் கீழேயே தம் சம்மதத்தை எழுதிக் கையெழுத்திட்டார். விடுப்பைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சூப்பர்வைசர் வந்து சுவரை அளந்து குறித்துக்கொண்டு போனார். அடுத்த போர்டு கூட்டத்துக்குப் பிறகு தீர்மானத்தின் நகல் வந்தது. ஆறு மாதம் அசல் நிறுத்திவைப்பு, அபராத வட்டி இல்லை, கடன் கெடு ஆறு மாதம் நீட்டிப்பு.

“எட்டு கேட்டேனே?” என்றேன் செயலாளரிடம்.

“ஆறுக்கு மேல போர்டு கொடுக்கிறதில்லை. தலைவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: வட்டியாவது கட்டுவாகளான்னு. நீங்களே எழுதியிருந்தீக, அதைப் படிச்சுக் காட்டினேன்.”

தை மாதம் வெயில் திரும்பியது. கணவரும் வேலைக்குத் திரும்பினார். சுவரைச் சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பினோம். ஏழாம் மாதத் தவணைக்கு என் ஒரு வளையலை விற்க வேண்டியிருந்தது.

கடன் தீர்ந்து, சங்கத்தில் ஈடாக வைத்திருந்த வீட்டுப் பத்திரம் கைக்கு வந்தபோது தலைமை ஆசிரியை ஓய்வு பெற்றிருந்தார். எங்களுக்குள் நெருக்கம் என்று ஒன்று கடைசிவரை ஏற்படவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும் என்று அவர் வீட்டுக்குப் போனேன்.

“அப்ப என் பொறுப்பு முடிஞ்சுதா?” என்று கேட்டார்.

“முடிஞ்சுது.”

“சரி. உக்காருங்க, காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க” என்றார்.