கறுப்புப் பையும் மஞ்சள் பையும்

குச்சனூரில் கோயிலுக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு சின்னக் கடை. எள் பொட்டலமும் கறுப்புத் துணியும் விற்கிறேன். ஆற்றில் குளிக்கப் போகிறவர்களின் பைகளுக்கு டோக்கன் கொடுத்து, வாங்கி வைப்பதும் உண்டு. பை வாங்கும் மேஜையில் என் அக்கா உட்கார்வாள்.

ஒரு சனிக்கிழமை ஒரு குடும்பம் வந்து, இரண்டு வாரத்துக்கு முன் வைத்து, திரும்ப வாங்கிப் போன பையில் வெள்ளி விளக்கைக் காணோம் என்றது. கூட்டம் கூடிவிட்டது. அக்கா பையைத் திறக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். அதை அத்தனை பேர் முன்னால் சத்தமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று மேஜையை விட்டு எழுந்தவள் மறுபடி வரவில்லை.

"சாட்சிக்கு ஏதாச்சும் வையிடா. அப்புறம் வாரேன்" என்றாள்.

உத்தமபாளையத்தில் கேமரா விற்கும் பாய் எனக்குப் பழக்கம். நான் உட்காருவதற்குள் நாலு கேமரா செட்டை எடுத்து வைத்தார். "அண்ணே, அஞ்சு மெகாபிக்சல். மூஞ்சியில உள்ள மச்சம் வரைக்கும் தெரியும். கூட ஐந்நூறு ஜிபி ஹார்டு டிஸ்க்கு."

"எத்தன நாளைக்கி நிக்கும் பாய்?"

"நாலு கேமராவும் ஓடுச்சுன்னா மூணு நாளு. அப்புறம் பழச அழிச்சிட்டுப் புதுச எழுதிக்கிரும்."

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் சனிக்கிழமைக் கணக்கு எனக்குத் தெரியும். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் வேண்டுதல் வைத்து வாரா வாரம், இல்லாவிட்டால் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வருகிறவர்கள். புகாரும் அவர்களோடுதான் வரும். மூன்று நாள் படத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

"பதினஞ்சு நாளாச்சும் நிக்கணும்" என்றேன்.

"ஆள் அசையும்போது மட்டும் பதியிற மாதிரி வச்சா கூட நாள் வரும்ணே."

"சனிக்கெழம அங்கன அசையாத நேரம் ஏது பாய்?"

அவர் சிரித்துவிட்டு மறுபடி கணக்குப் போட்டார். இரண்டே கேமரா, இரண்டு மெகாபிக்சல், ஒரு டிபி என்றால் இருபது நாள் நிற்கும் என்றார். மேஜைக்கு மேல் மாட்டினால் கேமராவுக்கும் ஆளுக்கும் நாலடி தூரம்தான். அந்தத் தூரத்தில் என் டோக்கனைப் பிடித்துக் காட்டச் சொன்னார். இரண்டு மெகாபிக்சலிலேயே டிவியில் எண் பளிச்சென்று தெரிந்தது. அதற்கு மேல் எனக்கு வேண்டியதில்லை.

அடுத்தது இருட்டு. சனிக்கிழமை விடியுமுன்னே, நாலரைக்கே பை வர ஆரம்பித்துவிடும். கடையிலிருந்து ஒரு கறுப்புப் பையையும் ஒரு மஞ்சள் பையையும் கையோடு எடுத்துப் போயிருந்தேன். ஷட்டரை இறக்கி விளக்கை அணைக்கச் சொன்னேன்.

"பட்டப்பகல்ல கடைய மூடச் சொல்றீக!" என்றாலும் இறக்கினார்.

டிவியைப் பார்த்த நான் அசந்துபோனேன். இரண்டு பையும் ஒரே மாதிரி வெளுப்பாக இருந்தன. இருட்டில் கேமரா கண்ணுக்குத் தெரியாத சிவப்பொளியில் பார்க்கும், நிறம் போய்விடும், கறுப்புத் துணி பலதும் அந்த ஒளியில் வெளுத்துத்தான் தெரியும் என்று பாய் விளக்கினார். எங்கள் ஊரில் பாதிப் பேர் கொண்டுவருவது கறுப்புப் பை.

"இது எனக்கு ஆகாது பாய்."

ராத்திரியிலும் கலராகக் காட்டும் கேமராவை மாட்டினார். அதிலேயே சின்ன விளக்கு இருந்தது. கறுப்பு கறுப்பாக, மஞ்சள் மஞ்சளாக நின்றது. "இந்த வருசத்துல பையத் தூக்கிட்டு வந்து கேமரா பாத்தது நீங்க ஒருத்தர்தான்ணே" என்றார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு கேமரா மேஜைக்கு, ஒன்று பை அடுக்கும் பலகைக்கு. அக்கா வந்து உட்கார்ந்தாள்.

ரெண்டு மாதம் போயிருக்கும். ஒருவர் தன் மச்சானோடு வந்து நின்றார். "ஏம்மா, ரெண்டு வாரத்துக்கு முன்னாடி என் கறுப்புப் பையில கைக்கடியாரத்தப் போட்டுத்தான் குடுத்தேன். வீட்டுல போயிப் பாத்தா இல்ல. யாரு எடுத்தா?"

அக்கா என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை நான் வாயைத் திறந்தேன். "உள்ள வாங்கண்ணே, பாத்துருவோம்."

அந்தச் சனிக்கிழமை, விடியாத நேரத்துப் படம் வந்தது. மேஜை மேல் அவருடைய கறுப்புப் பை, பக்கத்தில் மச்சானுடைய மஞ்சள் பை. அவர் கடியாரத்தைக் கழற்றுகிறார். பேச்சுவாக்கில் அதை மஞ்சள் பைக்குள் போடுகிறார். பலகைப் படத்தையும் ஓட்டினேன். திருப்பிக் கொடுக்கும்வரை இரண்டு பையையும் யாரும் தொடவில்லை.

மச்சான் தலையைச் சொறிந்தார். "அந்தப் பைய நான் இன்னும் ஒதறவே இல்லையே மாமா."

"வெளங்கிரும்! ரெண்டு வாரமா என் தூக்கத்தக் கெடுத்துட்டியேடா" என்றவர், அக்கா பக்கம் திரும்பி, "தப்பா நெனைக்காதத்தா" என்றார்.

"நெனைக்கல. இப்பப் பைய வைக்கிறீகளா, கூட்டம் நிக்கிது" என்று டோக்கனை நீட்டினாள் அக்கா.