ஏணியில் ஏறிய இரண்டு யானைகள்

எந்தக் காயைத் தொடும் முன்பும் பல் அக்கா வலது ஆள்காட்டி விரலை இடது சட்டைக்கையில் இரண்டு முறை துடைத்துக்கொள்வார். முதல் துடைப்பு பழக்கம். இரண்டாவது பயம். தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்பது ஆட்டத்தின் சட்டம்.

அக்காவுக்குத் தொழில் செயற்கைப் பல் செய்வது. வாரத்தில் ஆறு நாள் பல் செய்யும் கூடத்து மேசையில் மெழுகைச் சுரண்டுவார். ஞாயிறு மதியம் சலவைக்கடை மாடியிலுள்ள சதுரங்க மன்றத்துக்கு வந்துவிடுவார். மன்ற அணியில் ஆறாவது பலகை, அதாவது கடைசி இடம், அவருடையது. இன்றைய ஆட்டத்தில் ஜெயித்தால்தான் அது நிலைக்கும். டிரா ஆனால்கூடக் கொழுந்தனுக்குப் போய்விடும்.

கொழுந்தன் அணியின் சட்டையை ஏற்கெனவே வாங்கிப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றான்.

"டென்ஷன் ஆகாதீங்க அண்ணி. டிரா ஆனாலும் சீட்டு குடும்பத்துலதான இருக்கும்."

"சட்டையில விலைச்சீட்டு தொங்குது பாரு. கிழிச்சிடாத, திருப்பிக் குடுக்கணும்ல."

எதிரே ஓய்வுபெற்ற மீட்டர்காரர். முப்பது வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். அவரிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ராஜா, பலகையின் நடுவில். அக்காவிடம் வலது ஓரத்தில் ராஜாவும் இடது ஓரத்தில் பக்கம் பக்கமாக இரண்டு யானைகளும். மன்றத்தில் வேறு யாராக இருந்தாலும் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். மீட்டர்காரர் அசையவில்லை. அக்காவின் கடிகாரத்தில் மூன்று நிமிடம்தான் பாக்கி.

போன வருடம் வேறொருவரோடு ஆடியபோதும் இதே நிலைதான். ஒரு யானையை எதிராளியின் ராஜாவுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தார், ராஜா வெட்டிவிட்டது. மிச்சமிருந்த ஒற்றை யானையோடு சட்டம் அனுமதிக்கும் ஐம்பது நகர்த்தலும் சுற்றிச் சுற்றி வந்து டிராவில் முடிந்தது. அன்றிலிருந்து மேசையில் கடைவாய்ப்பல் இரண்டை யானையாகவும் கோரைப்பல்லை ராஜாவாகவும் வைத்துப் பழகியிருந்தார். ஒரு யானை ஒரு வரிசையை அடைக்கும், இன்னொன்று அதற்கு மேல் வரிசையில் செக் சொல்லும். இப்படி மாறி மாறி ஏணி ஏறினால் ராஜா கடைசி வரிசையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் கோரைப்பல் ஒருபோதும் எதிர்த்து வந்ததில்லை.

அக்கா இடது ஓர யானையை நாலாம் வரிசைக்கு ஏற்றினார். ஐந்தாம் வரிசையில் இருந்த ராஜாவுக்குக் கீழே இறங்க வழி இல்லை. அது ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்தது. அடுத்த யானை ஐந்தாம் வரிசைக்கு வந்தது. செக். ராஜா ஆறாம் வரிசைக்கு ஏறியது, ஆனால் நேராக இல்லை. குறுக்கே வந்து, செக் சொன்ன யானையின் மூக்கருகே நின்றது.

ஏணிக் கணக்குப்படி அடுத்தது மற்ற யானையின் முறை. விரல் அதை நோக்கியே போனது. அரை விரல் தூரத்தில் அக்கா நிறுத்திவிட்டார். இதை ஏற்றினால் அதை ராஜா வெட்டிவிடும். போன வருடத்துக் கதை.

விரலைத் துடைத்தார். மாட்டிக்கொண்ட யானையைத் தொட்டு, ஐந்தாம் வரிசையிலேயே வலது கோடிக்கு இழுத்துவிட்டார்.

"ஓடிட்டீங்களே," என்றார் மீட்டர்காரர்.

"நாய் இருக்கற வீட்ல நீங்க தள்ளி நின்னு மீட்டர் பாக்கலையா ஐயா? அதேதான்."

ராஜா இன்னும் இடதுபக்கம் போய், மற்ற யானை ஏறவேண்டிய இடத்தைக் காவல் காத்தது. அக்கா அதையும் நாலாம் வரிசையிலேயே வலப்பக்கம் ஓட்டினார். கோடி வரை அல்ல, ஒரு கட்டம் முன்னால். நேர் கீழே நிறுத்தினால் தன் யானைக்குத் தன் யானையே குறுக்கே நிற்கும். இப்போது ராஜா எட்டத்தில். ஏணி மறுபடி நிமிர்ந்தது.

ராஜா ஒரு கட்டம் திரும்பி வந்தது. நாலாம் வரிசை யானை ஆறுக்குத் தாவியது. செக். ராஜா ஏழுக்குப் போனது. கோடி யானை ஏழுக்கு. செக். ராஜா எட்டாம் வரிசைக்கு ஏறி, யானைகளை நோக்கி வந்தது. மற்ற யானை எட்டுக்கு. நடுவில் ஒரே ஒரு காலிக் கட்டம், அதனால் வெட்ட முடியாது. கீழே ஏழாம் வரிசையும் அடைபட்டிருந்தது.

"மேட்," என்றார் அக்கா, கேள்வி போல.

மீட்டர்காரர் பலகையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கைகொடுத்தார். கடிகாரத்தில் பதினொரு விநாடி. கொழுந்தன் சட்டையைக் கழற்ற மாடிப்படிப் பக்கம் போனான்.

மீட்டர்காரர் கடைசிவரை ஆடியது பிடிவாதம் என்றுதான் அக்கா வீட்டில் திட்டிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் மன்றச் செயலாளர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. மீட்டர்காரரின் எதிராளிகள் இத்தனை வருடமும் இந்த நிலை வரும் முன்பே கைகொடுத்துவிடுவார்களாம். இரண்டு யானையால் எப்படி முடிப்பது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. வெட்கப்பட்டு யாரிடமும் கேட்கவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் ஏழு நகர்த்தலையும் எழுதி வைத்துக்கொண்டாராம்.