பௌர்ணமிக்கு மறுநாள் வந்த கமிஷன்

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி ரீசார்ஜ் கடை வைத்திருந்தேன். ஏஜென்சிக்காரர் காலையில் பணத்தை வாங்கிக்கொண்டு என் கடை போனில் இருப்பு ஏற்றிவிட்டுப் போவார். நூறு ரூபாய் ரீசார்ஜுக்கு எனக்கு மூன்று ரூபாய்கூட நிற்காது. முந்தைய நாள் விற்பனை, கமிஷன், மீதி இருப்பு மூன்றும் மறுநாள் காலை ஒரே குறுஞ்செய்தியாக வரும்.

அந்தப் பௌர்ணமிக் கூட்டத்தில் டவர் திணறியது. ரீசார்ஜ் அனுப்பினால் 'முடிந்தது' என்ற பதிலே வரவில்லை. "காசு வாங்கினியே, எங்கய்யா பேலன்ஸ்?" என்று ஒருவர் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்தினார். அவருக்கு மறுபடி அனுப்பினேன். அதைப் பார்த்து மற்றவர்களும் சண்டைக்கு நின்றார்கள். அவர்களுக்கும் மறுபடி அனுப்பினேன்.

காலைச் செய்தியில் அதுவரை நான் பார்த்திராத கமிஷன். ஒரு நொடி சந்தோஷப்பட்டேன், மடையன். அடுத்த வரியில் இருப்பு ஏறக்குறைய காலி. தாமதமாக ஒவ்வொருவருக்கும் இரண்டு ரீசார்ஜுமே போய்ச் சேர்ந்திருந்தன. நான் வாங்கியதோ ஒன்றுக்கான காசு.

கத்தியவரின் எண்ணுக்குப் பேசினேன். "வந்துச்சுங்க, பேசித் தீத்துட்டேனே, இனிமே எப்படிங்க திருப்பறது?" என்று வைத்துவிட்டார். மரியாதைக்கு மட்டும் குறைச்சலில்லை.

போனதைத் திரும்ப எடுக்க முடியாது என்று ஏஜென்சிக்காரரும் கைவிரித்தார். பிறகு தன் பட்டியலைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"இந்த லைன் கடைங்கள்லயே உங்களுக்குத்தாங்க கமிஷன் ஜாஸ்தி. அடுத்த பௌர்ணமிக்கு இன்னும் ஜாஸ்தியா பேலன்ஸ் ஏத்திடலாமா?"