மவுஸுக்குள் ஒரு சிவப்புப் பொட்டு

மவுஸ் பழுது பார்க்கும் அக்காவுக்கு ஒரு பழக்கம். சக்கரத்தின் சுழற்சியை உணரும் என்கோடரை ஒருமுறை சுத்தம் செய்தால், அது மறுபடி வந்தால் தெரியும்படி மூடிக்குள் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்துவிடுவாள்.

பக்க வடிவமைப்பாளன் வந்தான். "கீழ உருட்டினா பக்கம் மேல குதிக்குதுக்கா. தொடச்சுக் குடுங்க, போதும்."

திறந்தாள். பொட்டு பளிச்சென்று இருந்தது.

"போன மாசம்தான் ஆல்கஹால் ரெண்டு சொட்டு விட்டு, உருட்டி, காயவெச்சுக் குடுத்தேன். அழுக்குன்னா அதோட போயிருக்கும். உள்ள தகடு தேஞ்சிருச்சு, மாத்தணும்."

"இன்னொரு தடவை தொடச்சுப் பாருங்களேன்."

"தொடச்சா தேஞ்சது வளருமா தம்பி?"

பழையதன் அதே உயரமுள்ள புது என்கோடரை ஈயத்தால் பற்றவைத்து உருட்டினாள். பக்கம் சொன்ன பேச்சைக் கேட்டது. மூடுமுன் பழைய பொட்டைச் சுரண்டி எடுத்தாள். புது என்கோடர் இன்னும் எந்தத் தப்பும் செய்யவில்லையே!